முள் எடுப்பதுபோல் முந்திரி எடுத்த நாள்

என் மகளுக்கு இறால் ஒத்துக்கொள்ளும். நண்டு ஒத்துக்கொள்ளும். நெத்திலிக் கருவாட்டை வறுத்து வைத்தால் சோறு வருவதற்கு முன்பே பாதித் தட்டு காலியாகிவிடும். அவளுக்கு ஆகாத ஒரே பொருள் முந்திரிப் பருப்பு. இதை எங்கள் ஊரில் முதலில் ஒருவரும் நம்பவில்லை. "முந்திரி பணக்காரன் பண்டம், அதான் நம்ம வூட்டு ரத்தத்துக்கு ஒத்துக்கல" என்று என் நாத்தனார் சொன்னதை ஊரே ஒரு வாரம் சொல்லிச் சிரித்தது.

எங்கள் ஊர் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. பழவேற்காட்டுக் கரைக்குப் படகில் போக இருபது நிமிடம். நான் ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். இருபத்தொரு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். இதையும் அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கீழே வரும் நேரங்கள் அதிலிருந்து எடுத்தவை.

முந்திரி விஷயம் தெரியவந்தது மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, திருப்பாலைவனத்தில் ஒரு கல்யாணத்தில். இரண்டு கரண்டி கேசரி. பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு விசில் போல வந்தது. ஒரு ஆட்டோவைப் பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே தொடையில் போட்ட ஒரு ஊசியில் கண்முன்னே சரியானாள். அந்த மருந்துக்குப் பெயர் அட்ரினலின். பிறகு சென்னையில் ஒரு ஒவ்வாமை மருத்துவரிடம் போனோம். பரிசோதனை செய்து முந்திரிதான் என்று உறுதி செய்தார். அந்த அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஊர்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்?"

நான் பிரித்துச் சொன்னேன். படகு இருபது, ஆம்புலன்ஸ் வரக் காத்திருப்பது பத்து, பொன்னேரிக்கு முப்பது.

"அப்ப ஊசி உங்க கையிலதான் இருக்கணும்" என்றார்.

தானாகவே குத்திக்கொள்ளும் ஊசி ஒன்று இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு சாண் நீளக் குழல். உள்ளே ஒரு முறைக்கான மருந்து அளந்து அடைத்திருக்கும். குழந்தைகளுக்கு ஓர் அளவு, பெரியவர்களுக்கு ஓர் அளவு. நம் பக்கத்து மருந்துக் கடைகளில் கேட்டால் கிடைப்பதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி, வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை செய்யும் என் கொழுந்தன் இரண்டு வாங்கி வந்தார். கூடவே மருந்தும் ஊசி முள்ளும் இல்லாத ஒரு பயிற்சிக் குழலும் இருந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்திப் பார்க்கலாம்.

நான் செய்த முதல் தவறை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரியில் பாடு முறை உண்டு. மீன் வரும் இடம் எல்லோருக்கும் பொது; இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு என்று முறை வைத்து வலை கட்டுவார்கள். எதையும் இப்படிப் பங்கு வைத்தே எங்களுக்குப் பழக்கம். அதனால் வந்த இரண்டு ஊசியையும் நான் பங்கு பிரித்தேன். ஒன்று வீட்டு அலமாரியில், ஒன்று பள்ளி ஆசிரியையிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாவது என் நாத்தனார் வீட்டில். இதற்கு ஓர் அட்டவணையும் போட்டேன். அடுத்த தடவை மருத்துவரிடம் அதைப் பெருமையாகக் காட்டினேன்.

அவர் அட்டவணையைப் படித்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு" என்றார். "கிழிச்சிடுங்க. ரெண்டும் ஒரே பையில. பை குழந்தை கூட. குழந்தை எங்க போகுதோ அங்க."

முதல் ஊசி போட்டு ஐந்து நிமிடம் கழித்தும் குணம் தெரியாவிட்டால் இரண்டாவதைப் போட வேண்டும், அதனால்தான் இரண்டு என்று அவர் விளக்கினார். அலமாரி ஏறிப் பள்ளிக்கூடம் ஓடி எடுத்துவர அப்போது நேரம் இருக்காது.

இரண்டாவது தவறு என் நாத்தனாருடையது. என் கணவரின் தங்கை. படகில் வரும் மீனை வாங்கிப் பழவேற்காட்டில் விற்பவள். அவளுக்கு உலகத்தில் கெடக்கூடிய பொருள் எதுவானாலும் ஐஸில் வைக்க வேண்டும். ஒரு மதியம் பையில் ஊசி இல்லையே என்று தேடினால், அவள் ஒரு நெகிழி உறையில் இரண்டையும் சுற்றி, தெர்மகோல் பெட்டியைத் திறந்து, ஐஸில் கையால் குழி பறித்துக்கொண்டிருக்கிறாள்.

"தா, இன்னா பண்ற நீ?"

"வெயில்ல மருந்து கெட்டுப்பூடும் அண்ணி. உனுக்கு இன்னா தெரியும், அங்கன்வாடி மாவுதான் தெரியும்."

வெயிலிலும் வைக்கக் கூடாது, ஐஸிலும் வைக்கக் கூடாது, ஃப்ரிட்ஜிலும் கூடாது என்று ஊசியோடு வந்த தாளை எடுத்து நான் வாசித்தேன். "வெயிலும் வாணாம் ஐஸும் வாணாமா? மாப்ள மாதிரி இல்ல இருக்குது" என்றாள். நல்லவேளை, ஐஸ் படவில்லை. அன்றே உள்ளே பஞ்சு வைத்த ஒரு பை தைத்தேன். தண்ணீர்ப் பாட்டில் பை போலத் தோளில் மாட்டிக்கொள்ளலாம். சிவப்பு நிறம். மாதம் முதல் தேதி குழலின் சின்னச் சாளரத்தில் மருந்து தண்ணீர் போலத் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பேன். காலாவதி மாதத்தையும் பார்த்து நோட்டில் எழுதுவேன்.

பயிற்சிதான் பெரிய வேடிக்கை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் பயிற்சி. குழலின் ஒரு முனையில் நீல மூடி, இன்னொரு முனை ஆரஞ்சு. நீல மூடி வெறும் பூட்டு. அதை எடுத்தால்தான் ஊசி வேலை செய்யும். முள் வருவது ஆரஞ்சு முனையில். இங்கேதான் எல்லோரும் சறுக்கினார்கள். மூடியைக் கழற்றினால் அங்கேதானே முள் இருக்கும் என்று நினைப்பது மனித இயல்பு. என் கணவர் நீல மூடியைக் கழற்றி, அந்தப் பக்கத்தை என் தொடையில் வைத்து, படகுக் கழியின் தலையில் உள்ளங்கையை வைத்து உந்துவதுபோல ஆரஞ்சு முனையில் கட்டைவிரலை வைத்து ஒரே அழுத்து.

"க்ளிக்னு வந்துச்சு பாத்தியா" என்றார்.

"வந்துச்சு. உங்க கட்டவிரல்ல போட்டுக்கினீங்க" என்றேன்.

மகள் மணலில் விழுந்து புரண்டு சிரித்தாள். "நைனா செத்துட்டாரு, நான் பொழைக்கல."

"கம்முனு இரு" என்றார் அவர். ஆனால் அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் பதினைந்து தடவை சரியாகச் செய்து காட்டினார். முஷ்டி மடக்கிக் குழலைப் பிடிக்க வேண்டும், எந்த முனையிலும் விரல் இருக்கக் கூடாது என்பதை அதற்குப் பிறகு அவர் மறக்கவில்லை.

நாத்தனாருக்கு எண்ணிக்கையில் தகராறு. அழுத்தியதும் 'க்ளிக்' கேட்கும். எடுத்துவிடாமல் மூன்று எண்ணும் வரை அப்படியே பிடிக்க வேண்டும். எங்கள் ஊசியின் தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. அவள் மீன் எண்ணும் பழக்கத்தில் ஒன்று என்று சொல்லமாட்டாள். "லாபம்... ரெண்டு... மூணு" என்பாள். ஒன்றுக்கு லாபம் சொல்லாமல் எண்ண அவளுக்கு நாக்கு வரவில்லை. ஆனால் அவளுடைய மூன்றுதான் சரியான நீளம். மற்றவர்கள் பதற்றத்தில் 'ஒண்ரெண்மூ' என்று முடித்துவிடுவார்கள். அதனால் ஊரில் பயிற்சி எடுத்த பதினொரு பேருக்கும் லாபத்தில் ஆரம்பிக்கவே சொல்லிக்கொடுத்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி, அடுப்புப் புகை படாத சுவரில் ஒட்டியிருந்தேன். முதல் வரி: 'நேரத்தைக் குறித்துக்கொள்.' இரண்டாவது: 'ஊசி போடு.' அந்த வரிசை எனக்கு மிகவும் ஒழுங்காகப் பட்டது.

அந்த நாள் வந்தபோது மகளுக்கு ஒன்பது வயது, எடை இருபத்து நான்கு கிலோ. மூன்று வீடு தள்ளி ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு. எங்களுக்கு அன்று ஏரியில் பாடு இல்லை. கணவர் கரையில் படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலை சரிசெய்துகொண்டிருந்தார். நான் வளையல் தட்டுகளோடு உள்ளே. மகள் வாசலில் தன் அத்தையோடு பந்தியில். தோளில் சிவப்புப் பை.

பந்தியில் பாயசம் வந்தது. முந்திரி மிதந்தது. நாத்தனார் பார்த்துவிட்டாள். அவள் கவனக்குறைவானவள் என்று யாரும் சொல்ல முடியாது. இலையைத் தன் பக்கம் இழுத்து, பாயசத்தில் விரலை விட்டு, முந்திரித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். ஊரில் குழந்தைகளுக்கு முள் எடுத்துக் கொடுப்பதில் அவளுக்கு இணை கிடையாது. முள் அடர்ந்த மீனை ஒரு மயிரிழை முள்கூட இல்லாமல் உதிர்த்து வைப்பாள். தாய்மார்கள் அவளை நம்பிப் பிள்ளைகளை விட்டுப் போவார்கள். அதே விரல்களால், அதே பொறுமையோடு, பாயசத்தில் முள் எடுத்தாள். தடவித் தடவிப் பார்த்து, "இப்ப துன்னு கண்ணு, சுத்தமா எடுத்துட்டேன்" என்றாள்.

முள்ளை எடுத்தால் முள் போய்விடும். முந்திரியை எடுத்தால் முந்திரி போவதில்லை. வறுத்த நெய்யில் இருக்கிறது, பாலில் இருக்கிறது, பொறுக்கிய விரலிலும் இருக்கிறது. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

மகள் நான்கு வாய் சாப்பிட்டிருக்கிறாள். பிறகு தானே என்னைத் தேடி உள்ளே வந்தாள்.

"ம்மா, நாக்கு நமநமங்குது."

கழுத்தைப் பார்த்தேன். தடிப்பு. கையைத் தூக்கிப் பார்த்தேன், அங்கேயும். கீழ் உதடு ஒரு பக்கம் ஏறியிருந்தது. இருமினாள். மறுபடி இருமினாள். "தொண்ட அடைக்குது" என்றாள். குரல் அவள் குரலாக இல்லை, கரகரத்தது.

மருத்துவர் சொன்னது எனக்கு மனப்பாடம். தோலில் தடிப்பு மட்டும் என்றால் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும். அதோடு மூச்சோ, தொண்டையோ, அடங்காத வாந்தியோ, மயக்கமோ சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. சந்தேகம் என்றாலும் போட்டுவிட வேண்டும். தேவையில்லாமல் போட்டால் சற்று நேரம் நெஞ்சு படபடக்கும். தாமதமாகப் போட்டால் அதை ஈடுகட்ட முடியாது. இங்கே சந்தேகமே இல்லை. தோல், தொண்டை, இருமல் மூன்றும் வந்துவிட்டன.

அப்போது நான் செய்தது இது: எழுதுவதற்கு ஒரு பால்பாயிண்ட் தேடினேன்.

மகள் இருமிக்கொண்டு நிற்கிறாள். சிவப்புப் பை அவள் தோளில் தொங்குகிறது. நான் வளையல் தட்டில், ஜன்னல் மேட்டில், என் இடுப்பில் என்று தடவிக்கொண்டிருக்கிறேன். என் அட்டையின் முதல் வரி நேரத்தைக் குறிக்கச் சொல்கிறதே. எத்தனை நொடி என்று தெரியாது. என் நாட்குறிப்பில் அளவு இல்லாத ஒரே நேரம் அதுதான்.

நாத்தனார் ஓடி வந்தாள். முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "ஐயோ அண்ணி, நான் எடுத்துட்டேனே, ஒவ்வொண்ணா எடுத்தேனே" என்றாள். அதோடு நிற்கவில்லை. குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்து, "தூங்காத கண்ணு, நட, நட, அத்த கூட நட" என்று வாசல் பக்கம் இழுத்தாள். எங்கள் ஊரில் பாம்புக்கடி பட்டவரை, மயக்கம் வந்தவரை நடக்க வைப்பது வழக்கம். நின்றுவிட்டால் உயிர் நின்றுவிடும் என்று பயம். கூடியிருந்த பெண்களும் "நடக்க வை, நடக்க வை" என்றார்கள்.

மகளின் கால் பின்னியது. அதைக் கண்டதும்தான் எனக்குக் கை கால் வந்தது.

"வுடு அவள. நிக்க வெக்காத. ஒரு அடிகூட நடக்கக்கூடாது."

"இன்னா அண்ணி நீ..."

"உக்கார். நீ உக்கார்ந்து அவளச் சாய்ச்சுப் புடி."

மூச்சுக்குத் திணறுகிறவளை மல்லாக்கப் போட்டால் அவளால் முடியாது. அதனால் நாத்தனாரைத் தரையில் உட்காரவைத்து, அவள் நெஞ்சில் குழந்தையைச் சாய்த்து, கால்கள் இரண்டையும் நீட்டிவிட்டேன். பையிலிருந்து ஒரு குழலை எடுத்தேன். பயிற்சிக் குழல் எப்போதும் வீட்டில்தான் இருக்கும், அதைப் பையில் வைப்பதே இல்லை, குழம்ப வழியில்லை. பாவாடைக்கு மேலாகவே போடலாம், துணியை விலக்க வேண்டாம். தையல் மடிப்பு இல்லாத இடமாகப் பார்த்தால் போதும். இடது கையால் முழங்காலுக்கு மேல் காலை அழுத்திப் பிடித்தேன். குழந்தை திமிறினால் முள் கீறிவிடும்.

நீல மூடியை நேராக இழுத்தேன். ஆரஞ்சு முனை கீழே. தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில். அழுத்தினேன்.

க்ளிக்.

"லாபம்" என்றேன். பின்னால் நாத்தனாரும் நடுங்கும் குரலில் "ரெண்டு" என்றாள். "மூணு" என்று இருவரும் சொன்னோம். எடுத்தேன். ஆரஞ்சு உறை நீண்டு முள்ளை மூடிக்கொண்டது. மகள் "வலிக்குது" என்றாள். வலிக்குது என்று சொல்ல மூச்சு இருந்தது.

மணி 11.42. வளைகாப்புப் பெண்ணின் தம்பி மனைவி கண்மையை நீட்டினாள். அதால் மகளின் முன்னங்கையில் 11.42 என்று எழுதினேன்.

அதற்குள் ஒருத்தி 108க்கு அழைத்துவிட்டாள். "முந்திரி அலர்ஜி, மூச்சுத் திணறல், அட்ரினலின் ஊசி போட்டாச்சுன்னு சொல்லு. பழவேற்காடு படகுத்துறைக்கு வரச் சொல்லு" என்றேன். சரியாகச் சொன்னாள். இன்னொருத்தி கரைக்கு ஓடினாள். என் கணவர் தோளில் தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக வந்தார். நிற்க வைத்தால் ரத்தம் காலுக்கு இறங்கிவிடும், உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தார்; தோளில் போட்டால் அதுவும் நிற்பது போலத்தான். "தோள்ல வாணாம். படுக்க வெச்சு தூக்குங்க" என்றேன். வளைகாப்புக்கு விரித்திருந்த ஜமுக்காளத்தோடு நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். நாத்தனார் தலைமாட்டில் முதுகைத் தாங்கிக்கொண்டே வந்தாள்.

"பல்லக்கா இது?" என்றாள் மகள், கரகரத்த குரலில். யாரும் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

படகில் ஏற்றி இன்ஜினை முடுக்கியபோது இருமல் குறைந்த மாதிரி இருந்தது. சற்று நேரம் நம்பினேன். பிறகு அவள் வாந்தி எடுத்தாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைத் துடைத்தேன். மறுபடி வாந்தி. முகம் வெளுத்தது. "ம்மா, கண்ணு இருட்டுது" என்றாள்.

அதன்பிறகு அவளைச் சாய்ந்திருக்க விடவில்லை. வலைக் குவியலை இழுத்துச் சமமாக்கி முழுதும் படுக்கவைத்தோம். தலை ஒரு பக்கமாகத் திரும்பியபடி. நாத்தனாரின் காலி ஐஸ் பெட்டி படகில் கிடந்தது. யாரும் சொல்லாமலேயே அவள் அதை இழுத்து மகளின் கால்களைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். கால் உயர்ந்தால் ரத்தம் நெஞ்சுக்குப் போகும் என்று பயிற்சியில் நான் சொன்னபோது, "ஆமா, தண்ணி பள்ளத்துக்குத்தான போவும்" என்று ஒரே வார்த்தையில் முடித்தவள் அவள்.

முன்னங்கையைப் பார்த்தேன். 11.42. கைபேசியில் 11.48.

ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது. குணம் இல்லை. இரண்டாவதைப் போட வேண்டும். பையைத் திறந்தேன். குழலை எடுத்தேன். என் கை ஆடியது. படகும் ஆடியது. என் வலது கையால் குழந்தையின் தலையைப் பிடித்திருந்தேன். விட்டால் வாந்தியில் புரண்டுவிடுவாள் என்று பயம். கணவர் இன்ஜினை விட முடியாது.

"குடு அண்ணி" என்றாள் நாத்தனார்.

நான் தயங்கினேன். உண்மையை எழுத வேண்டும், நான் தயங்கினேன். அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் விரல்களைப் பார்த்தேன். அவை ஆடவில்லை. எத்தனை காற்றிலும் படகில் உட்கார்ந்து மீனை வகை பிரிக்கும் விரல்கள்.

கொடுத்தேன்.

அவள் இடது கையால் மூடியை இழுத்தாள். முஷ்டியில் குழலைப் பிடித்தாள். "ஆரஞ்சு கீழ" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். முழங்காலால் குழந்தையின் காலை அணைத்து, முதல் ஊசி போடாத இன்னொரு தொடையின் வெளிப்பக்கத்தில் வைத்து அழுத்தினாள். இன்ஜின் சத்தத்தில் க்ளிக் கேட்கவில்லை. கையில் தெரிந்தது என்று பிறகு சொன்னாள். அலறாமல், வேகம் கூட்டாமல் மூன்று வரை எண்ணினாள். எடுத்து, உறை முள்ளை மூடியிருக்கிறதா என்று பார்த்து, காலியான குழலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எழுது அண்ணி" என்றாள்.

கண்மை கைவசம் இல்லை. அவள் தன் நெற்றிப் பொட்டை அழித்து விரலில் எடுத்தாள். அந்தக் குங்குமத்தால் 11.49 எழுதினேன்.

அதற்குப் பின் என் நோட்டில் நிமிடக் கணக்கில் இருக்கிறது. 11.51: வாந்தி நின்றது. 11.52: உதட்டில் நிறம். 11.54: மகள் "கை நடுங்குது, நெஞ்சு ஓடுது" என்றாள். மருந்தின் வேலை அது, சொல்லி வைத்திருந்தார்கள். 11.56: "நைனா, ஸ்பீடா ஓட்டு, சோக்கா கீது" என்றாள். என் கணவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோள்பட்டை மட்டும் குலுங்கியது.

துறையில் ஆம்புலன்ஸ் நின்றது. அவள் எழுந்து நடக்கப் பார்த்தாள். நான்கு குரல் ஒன்றாக "படு" என்றது. ஸ்ட்ரெச்சரில் வைத்து ஆக்ஸிஜன் மாட்டினார்கள். நாத்தனார் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காலிக் குழல்களைப் பணியாளரிடம் கொடுத்தாள். ஒன்றை அவள் முடிந்தது எனக்குத் தெரியும். முதல் குழலையும் வளைகாப்பு வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தது தெரியாது.

பொன்னேரி மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் மருத்துவர் மகளின் கையைப் பார்த்தார். கண்மையில் ஒரு நேரம், குங்குமத்தில் ஒரு நேரம்.

"யார் எழுதுனது?"

"நான்."

"ரெண்டாவது யார் போட்டது?"

நாத்தனார் சுவரோரம் நின்றிருந்தாள். திட்டப்போகிறார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. "நான்தான் சார். பாயசம் குடுத்ததும் நான்தான். முந்திரிய எடுத்துட்டுதான் குடுத்தேன். அது தப்புனு தெரியாது சார்."

"பாயசம் தப்பு. ஊசி சரி" என்றார் அவர். "சரியான எடத்துல, சரியான நேரத்துல. இல்லன்னா நான் இவ்வளவு சாவகாசமா பேசிட்டிருக்க மாட்டேன்."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவள் விரல்கள் ஆட ஆரம்பித்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். "நான் பேனா தேடினேன் தெரியுமா" என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மெய்யாலுமா? கொழந்த மூச்சுக்கு இழுக்குது, நீ பேனா தேடுன?"

"ஆமா."

"சரி வுடு. நான் நடக்க வெச்சேன், நீ பேனா தேடுன. உன் வூட்டுக்காரரு ஒருத்தருதான் ஒழுங்கா படகு ஓட்டுனாரு. இத அவருகிட்ட சொல்லாத, தல கனமாயிடும்."

குணமாகிவிட்டதே, வீட்டுக்குப் போகலாமா என்று கணவர் கேட்டார். போகக் கூடாது என்றார் மருத்துவர். மருந்தின் வேகம் இறங்கியபின் சில பேருக்கு எல்லாம் மறுபடி திரும்பும். இரண்டு ஊசி தேவைப்பட்டவள், வீடு ஏரிக்கு அந்தப் பக்கம். அதனால் மறுநாள் காலை வரை இங்கேதான். அப்படியே வைத்திருந்தார்கள். ஒன்றும் திரும்பவில்லை. சாப்பிடாமல் கிடக்கிறேன், பேசாமல் கிடக்கிறேன், ஆனால் இந்தக் கட்டிலில் இன்னும் படுக்க மாட்டேன் என்பதுதான் மகளின் ஒரே புகார். ஒவ்வொரு முறை அவள் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடும்போதும் அவள் அத்தை அதைத் தூக்கி உள்ளே வைத்தாள். பதினேழு முறை. மகள் எழுந்து கழிவறைக்குப் போகலாம் என்று நர்ஸ் சொன்ன பிறகும் அத்தைக்கு அவளை விட மனசு வரவில்லை.

புது ஊசி வரும்வரை என்ன செய்வது என்பதற்கு மருத்துவர் வழி சொன்னார்; சென்னை மருத்துவரிடம் அன்றே பேசினோம், கொழுந்தனுக்கும் சொல்லியாகிவிட்டது. என் கணவர் சுவர் அட்டையைப் பற்றிக் கேட்டார். முதல் வரியை அடிக்கப்போகிறேன் என்றேன். ஊசி முதலில், நேரம் அப்புறம். "பொறுக்கி எடுத்தாலும் ஆகாது" என்று ஒரு வரி புதிதாகச் சேர்க்க வேண்டும். அதைத் தன் கையால் எழுதுவதாக நாத்தனார் சொன்னாள். அவள் கையெழுத்து யாருக்கும் புரியாது. ஆனாலும் சரி என்றேன்.

காலை 9.20க்கு மருத்துவர் வந்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். ரத்த அழுத்தம் பார்த்தார். முதலில் உட்கார், ஒரு நிமிடம் இரு, தலை சுற்றவில்லையே, இப்போது எழுந்திரு என்றார்.

மகள் தன் அத்தையைப் பார்த்தாள். "நிக்கட்டா?"

அவள் அத்தை தலையை மட்டும் ஆட்டினாள்.

மகள் நின்றாள். பிறகு நடந்தாள். கட்டிலிலிருந்து கதவு வரை பதினான்கு அடி. நான் எண்ணினேன்.